லீவுக் கடிதத்துல "ஆலைக்கு என்ன லாபம்" எண்டத எப்பிடி எழுதுறது? இந்தியாவுல பேப்பர் வாசிக்கப் போறன்

நெல்லுமணி (திங்கள், இரவு 9.12)

எல்லாருக்கும் வணக்கம். நான் சம்மாந்துறைப் பக்கம் ஒரு அரிசி ஆலையில தரக்கட்டுப்பாட்டுல வேலை, மூணு வருசம் முடிஞ்சுது, ஊர் காரைதீவு. நான் எழுதின ஒரு பேப்பர திருச்சிப் பக்கம் நடக்கிற ஒரு சர்வதேச மாநாட்டுல வாசிக்க எடுத்திருக்காங்க. மார்ச்ல வியாழன், வெள்ளி, சனி மூணு நாள். அவிச்ச நெல்ல ட்ரையர்ல ஒரே மூச்சுல காய வைக்காம நடுவுல நிப்பாட்டி ஓய்வு விட்டு மறுகா காய வெச்சா குறுணல் எவ்வளவு குறையுது எண்டதுதான் விசயம், எங்கட ஆலையிலயே பதினெட்டு அவியல்ல செஞ்சு பாத்த கணக்கு.

இப்ப பிரச்சின என்னெண்டா லீவு. முதலாளி நல்ல மனுசன், ஆனா கடிதம் எழுதிக் குடுத்தா அத ரெண்டு வரி வாசிச்சுட்டு மேசையில வெச்சுருவார், அவ்வளவுதான். ஆலைக்கு லாபம் எண்ட மாதிரி எழுதச் சொல்லி கூட்டாளி ஒருத்தன் சொன்னான். நான் எழுதினது இது:

"ஐயா, சர்வதேச மாநாடொன்றில் ஆய்வுக் கட்டுரை சமர்ப்பிக்கும் அரிய வாய்ப்பு எனக்குக் கிடைத்துள்ளது. இது எனது நெடுநாள் கனவாகும். இதன்மூலம் எமது நிறுவனத்தின் புகழ் உலகெங்கும் பரவும். ஏற்கனவே எனது ஆய்வினால் குறுணல் நூற்றுக்கு 12 இலிருந்து 9 ஆகக் குறைந்துள்ளது. எனவே எனக்குப் பத்து நாட்கள் கடமை லீவு வழங்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

பத்து நாள் ஏனெண்டா அம்மாவையும் கூட்டிட்டுப் போய் தஞ்சாவூர் பெரிய கோயில், வேளாங்கண்ணி எல்லாம் காட்டிட்டு வரலாம் எண்டு. ஆராச்சும் பாத்துத் திருத்தித் தாங்க.

சாய்ந்தமருது காக்கா (திங்கள், இரவு 9.40)

தம்பி மாஷா அல்லாஹ், வாழ்த்துகள். நீங்க இவ்வளவு கெஞ்சத் தேவையில்ல. மாநாட்டுக்குப் போறதுக்கு கடமை லீவு சட்டத்துலயே இரிக்கு, தாபனக் கோவையில தெளிவா எழுதி இரிக்கு, பொது 126 ஃபோம் ஒண்ட நிரப்பிக் குடுத்தா முதலாளி தந்துதான் ஆகணும்.

ஒண்டுமில்லாதவன் (திங்கள், இரவு 9.58)

முதலாளிட்ட டிக்கட் காசு கேக்குறீங்களா? சத்தியமாத் தரமாட்டாங்க. எங்கட கடையில சம்பளமே பத்தாந் திகதிக்குப் பிறகுதான் வருது.

நெல்லுமணி (திங்கள், இரவு 10.05)

காசு கேக்கல அண்ணன். டிக்கட், பதிவுக் கட்டணம் எல்லாம் நானே போடுறன். லீவு மட்டும்தான்.

படுவான்கரை டீச்சர் (திங்கள், இரவு 10.31)

காக்கா சொன்ன பொது 126 அரசாங்க உத்தியோகத்தருக்கு. நான் அதுல பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். போன முறை ஒரு கல்வி மாநாட்டுக்கு மலேசியா போக எழுதிப் போட்டன், அதிபர் ஒப்பம், வலயம், அங்கயிருந்து மாகாணம், ஒவ்வொரு மேசையிலயும் ஒரு கிழமை. அனுமதிக் கடிதம் கைக்கு வந்த அண்டைக்கு மாநாடு முடிஞ்சு நாலு நாள். கடைசியில என்ட பேப்பர வீட்டுல இருந்து சூம்லதான் வாசிச்சன், நடுவுல கரண்ட் வேற போச்சு. நீங்க தனியார் எண்டா ஒரு ஆள்ட்ட ஒரு ஒப்பம், குடுத்து வெச்ச ஆள் நீங்க.

வாவிக்கரை (திங்கள், இரவு 11.20)

நான் மட்டக்களப்புல ஒரு தனியார் நிறுவனத்துல பதினொரு வருசம் ஆளணிப் பகுதியில இருந்தனான், இந்த மாதிரிக் கடிதம் மேசைக்கு நிறைய வந்திரிக்கு, நானே திருப்பி அனுப்பினதும் இரிக்கு. அதால கொஞ்சம் நீளமா எழுதுறன், கோவிக்கப்படாது.

முதல்ல காக்காட விசயம். தாபனக் கோவை அரசாங்கத்துக்கு. தனியார்ல மாநாட்டுக்கெண்டு தனியா ஒரு லீவு சட்டத்துல இல்ல. கடை காரியாலயச் சட்டம் பொருந்துற இடத்துல வருசத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு, இதுதான் கணக்கு. அதுக்கு மேல கடமை லீவு எண்டு தாறது முதலாளிட விருப்பம். தம்பி, உங்கட நியமனக் கடிதத்த எடுத்து அதுல என்ன எழுதி இரிக்கு எண்டத முதல்ல பாருங்க. உரிமை எண்டு போய் நிண்டீங்க எண்டா அந்த இடத்துலயே கதை முடிஞ்சுரும்.

இப்ப கடிதம். குறுணல் 12 இலிருந்து 9 ஆனது பெரிய விசயம், ஆனா அத இந்தக் கடிதத்துல லாபமா எழுதினா அது உங்களுக்கே எதிரா நிக்கும். ஏன் எண்டு யோசிச்சுப் பாருங்க. அந்த லாபம் ஏற்கனவே முதலாளிட கையில இரிக்கு. நீங்க திருச்சிக்குப் போனாலும் போகாட்டியும் நாளைக்கும் ட்ரையர நடுவுல நிப்பாட்டத்தான் போறாங்க. அப்ப அவர் கேப்பார், "சரி மனே, செஞ்சுட்டாய், நல்லது, பிறகு ஏன் போறாய்?" அந்தக் கேள்விக்கு உங்கட கடிதத்துல ஒரு எழுத்துக் கூட இல்ல. ஆய்வால வந்த லாபம் வேற, பயணத்தால வரப்போற லாபம் வேற. லீவு கேக்கிறது பயணத்துக்கு.

"புகழ் உலகெங்கும் பரவும்" எண்டத எடுத்துருங்க. சம்மாந்துறை அரிசிய வாங்கிறது அக்கரைப்பற்றுக் கடைக்காரரும் கொழும்பு மொத்த யாவாரியும். திருச்சியில ஒரு மண்டபத்துல நாப்பது பேர் ஆலைட பேரக் கேட்டா ஒரு மூட்டை கூட விக்காது, அது முதலாளிக்கு உங்களவிட நல்லாத் தெரியும்.

அதால எனக்கு ஒரு பதில் சொல்லுங்க. உங்கட ஆலையில இப்ப தீராம கிடக்கிற பிரச்சின என்ன? நீங்க தீர்த்தது வேணாம், தீராதது.

நெல்லுமணி (செவ்வாய், காலை 6.15)

அக்கா, ராத்திரி வாசிச்சுட்டு நித்திரை வரல்ல. தீராதது ரெண்டு இரிக்கு.

ஒண்டு, ஓய்வு விடுற விசயத்துலயே. நாங்க ட்ரையர்ல ஈரம் 17 கிட்ட வரக்குள்ள நிப்பாட்டி ஒரு ஆறு மணித்தியாலம் தொட்டியில விட்டு மறுகா 14 க்கு கொண்டு வாறம். உள்ளுக்கும் வெளியிலயும் ஈரம் சமனாகிறதாலதான் மணி வெடிக்கிறது குறையுது. ஆனா மழை நாள்ல, கரண்ட் போய் ஓய்வு நீண்டு போன நேரத்துல, நெல் சூட்டோடயே கிடந்து ஒரு மாதிரி மணக்குது, அரிசி மஞ்சள் ஏறுது. எவ்வளவு நேரம்தான் தாங்கும் எண்டு எங்கட கணக்குல இல்ல.

மற்றது ஊறவெச்ச தண்ணி. நெல் ஊறின தண்ணிய வெளிய விட்டா ரெண்டாம் நாளே நாத்தம், பக்கத்து வளவுக்காரர் சண்டைக்கு வாறாங்க. அதுக்கும் என்ட பேப்பருக்கும் சம்பந்தம் இல்ல.

ஆலைக்காரன் மகன் (செவ்வாய், காலை 8.02)

நான் வேற ஊர் ஆலை, வாப்பாட ஆலைய இப்ப நான்தான் பாக்கிறன். சம்பந்தம் இல்ல எண்டு நீங்க சொன்ன அந்தத் தண்ணிதான் தம்பி எங்கள நித்திரை கொள்ள விடாதது! குறுணல் கூடினா காசு குறையும், அத தாங்கலாம். தண்ணிக்கு ஆராச்சும் பெட்டிசம் போட்டா சுற்றாடல் உரிமம் புதுப்பிக்கப் போகக்குள்ள அத எடுத்து மேசையில போடுவாங்க. உங்கட முதலாளிக்கும் அதேதான் இரிக்கும், உங்களுக்கு சொல்லமாட்டார். நீங்க அதுக்கு ஒரு வழி கேட்டுட்டு வாறன் எண்டு எழுதுங்க, கடிதத்த மேசையில வெக்காம முழுசா வாசிப்பார்.

ஆனா ஒண்டு, மார்ச் எண்டா மாரி வேளாண்ம வெட்டி நெல் வந்து கொட்டுற நேரம். எங்கட ஆலையில அந்த நேரம் ஆரும் லீவு கேட்டா நான் கடிதத்தையே பாக்கமாட்டன். ஈரம் பாக்கிற ஆள் இல்லாட்டி 20 ஈரத்துல உள்ள நெல்ல 16 எண்டு எடுத்துருவாங்க, ஒரு லொறிக்கு எவ்வளவு நட்டம் எண்டு கணக்குப் போட்டுப் பாருங்க.

வாவிக்கரை (செவ்வாய், காலை 11.45)

மகன் சொன்னது சரி. மாநாட்டுத் திகதிய நாம மாத்தேலாது, அதால கடிதத்துட முதல் வேலையே அறுவட நேரத்துல நீங்க இல்லாத நாள்கள் எப்பிடி ஓடும் எண்டத சொல்றது. லாபம் அதுக்குப் பிறகுதான். கனபேர் தலைகீழா எழுதுறாங்க, முதல்ல லாபம், பிறகு லாபம், கடைசியில "எனது வேலைகளை சக ஊழியர்கள் கவனிப்பர்" எண்டு ஒரு வரி. எந்த சக ஊழியர், எந்த வேலை, அவருக்கு ஈரமானி பிடிக்கத் தெரியுமா? பேரோட எழுதணும், அந்த ஆள்ட்டயும் முதல்லயே கேட்டிரிக்கணும்.

மறுகா நாள் கணக்கு. பத்து நாள வெட்டுங்க. உங்கட ஆலைக்கு எந்த நாள் லீவு?

நெல்லுமணி (செவ்வாய், மதியம் 12.30)

வெள்ளி மட்டும். சீசன்ல ஞாயிறும் ஓடும்.

வாவிக்கரை (செவ்வாய், மதியம் 1.10)

அப்ப செவ்வாய் வேலை முடிச்சு ராத்திரி கல்முனையில பஸ் ஏறினா விடியக்குள்ள கொழும்பு. புதன் திருச்சிக்கு ஃப்ளைட், ஒரு மணித்தியாலம் சொச்சம். வியாழன் மாநாடு. உங்கட பேப்பர வியாழனுக்குப் போடச் சொல்லி அமைப்பாளருக்கு இப்பவே மெயில் போடுங்க, நிகழ்ச்சி நிரல் அச்சடிக்க முந்திக் கேட்டா கனதரம் மாத்திக் குடுப்பாங்க. வெள்ளி ஆலைக்கும் லீவு. சனி தஞ்சாவூர், திருச்சியில இருந்து ஒரு மணித்தியாலம்தான், அங்க நெல் பதப்படுத்துறதுக்கெண்டே தொடங்கின ஆராய்ச்சி நிலையம் இரிக்கு, இப்ப உணவுத் தொழினுட்ப நிறுவனமா வளந்திரிக்கு. உங்கட ரெண்டு கேள்விக்கும் மாநாட்டுக் கதிரைய விட அங்கதான் ஆள் கிடைக்கும். ஞாயிறு திரும்பி, ராத்திரி பஸ், திங்கள் காலம ஊர். ஆலை ஓடுற நாள்ல நீங்க இல்லாதது புதன், வியாழன், சனி, ஞாயிறு. நாலு நாள். பத்துக்கும் நாலுக்கும் எவ்வளவு வித்தியாசம் எண்டு பாருங்க.

சனிக்கிழமைக்கு அங்க முதல்லயே எழுதி, வரலாம் எண்டு அவங்கட பதில் கையில வந்த பிறகு கடிதத்துல போடுங்க. பதில் இல்லாம போட்டா அது வெறும் ஆசை.

சாய்ந்தமருது காக்கா (செவ்வாய், பின்னேரம் 4.20)

நான் அரசாங்கத்த நினைச்சு எழுதிட்டன், பிழைதான். ஆனா அம்மாவ விட்டுட்டுப் போகச் சொல்றது சரியில்ல. தாய்ட ஆசைய நிறைவேத்திறதுக்கு ஆர்ட்ட அனுமதி கேக்கணும்?

வாவிக்கரை (செவ்வாய், பின்னேரம் 4.55)

அம்மாவ விடச் சொல்லல காக்கா. அம்மாட பயணத்த கடமை லீவுக்குள்ள ஒளிக்கப்படாது எண்டு சொல்றன். ஃபேஸ்புக்ல பெரிய கோயில் ஃபோட்டோ ஒண்டு போதும், அதுக்குப் பிறகு அந்த ஆலையில ஆரும் மாநாட்டுக்கு லீவு கேக்கேலாது. கொண்டு போறதெண்டா வெளிப்படையா "என் தாயார் தன் செலவில் உடன் வருகிறார்" எண்டு சொல்லட்டும், இல்லாட்டி சீசன் முடிஞ்சு வருடாந்த லீவுல தனியாக் கூட்டிட்டுப் போகட்டும். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும்.

ஒண்டுமில்லாதவன் (செவ்வாய், இரவு 8.11)

இந்த மாநாடு உண்மையானதா எண்டு பாத்தீங்களா தம்பி? எனக்கு கிழமைக்கு ரெண்டு மெயில் வருது, "மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களே" எண்டு. நான் சைக்கிள் கடையில வேலை செய்யிறன்.

நெல்லுமணி (செவ்வாய், இரவு 8.30)

😂 உண்மையானது அண்ணன். ஏழு கிழமைக்குப் பிறகுதான் பதில் வந்துது, ரெண்டு பேர் வாசிச்சு கருத்து எழுதி, ஒருத்தர் "ஈரமானியை எப்படி அளவுதிருத்தினீர்கள்" எண்டு குடஞ்சு கேட்டு, திருத்தி அனுப்பினன்.

படுவான்கரை டீச்சர் (செவ்வாய், இரவு 9.02)

அந்தக் கருத்துத் தாள கடிதத்தோட இணைச்சுக் குடுங்க. காசு வாங்கி ஏத்துக்கிற கூட்டம் ரெண்டு நாள்ல "வாழ்த்துகள்" எண்டு அனுப்பும், ஒரு கேள்வி கேக்காது, விவசாயம் தொடக்கம் நிலவுக்குப் போறது வரை எல்லாத்துக்கும் ஒரே மாநாடு. முதலாளிட பிள்ளையள் ஆராச்சும் கூகிள்ல தேடிப் பாத்தா முதல் சந்தேகமே அதாத்தான் வரும்.

விசா எடுத்தாச்சா?

நெல்லுமணி (செவ்வாய், இரவு 9.10)

டூரிஸ்ட் ஈ-விசாவுல போகலாம் எண்டு நினைச்சன், லேசு எண்டாங்க.

வாவிக்கரை (செவ்வாய், இரவு 9.48)

வேணாம். இந்தியாவுக்கு மாநாட்டுக்கெண்டு தனி ஈ-விசா இரிக்கு, அதுக்கு அமைப்பாளர்ட அழைப்புக் கடிதமும் அவங்க தங்கட அரசாங்கத்துட்ட எடுத்த அனுமதியும் கேக்கும். அமைப்பாளர்ட்ட கேளுங்க, ஒழுங்கான மாநாடு எண்டா உடனே அனுப்புவாங்க. கூட, முதலாளிட்ட ரெண்டு கடிதம் வேணும். ஒண்டு லீவு ஒப்புதல், மற்றது இன்னார் எங்கட ஊழியர், இந்த நாளுக்குப் போய் இந்த நாளுக்கு வேலைக்குத் திரும்புவார் எண்டு நிறுவனத் தாள்ல. ரெண்டையும் ஒரே நாள்ல கேளுங்க, இல்லாட்டி மனுசன் "இன்னும் என்ன கடிதம்" எண்டு எரிச்சல் படுவார். ஒப்புதல் வரும்வரை டிக்கட் எடுக்கப்படாது. எடுத்துட்டு வந்து கேட்டா அது விண்ணப்பம் இல்ல, அறிவித்தல்.

கடைசியா ஒரு கேள்வி. பேப்பர்ல ஆலைட பேர் இரிக்கா? அனுப்ப முந்தி முதலாளிட்ட கேட்டீங்களா?

நெல்லுமணி (செவ்வாய், இரவு 10.26)

...இரிக்கு. கேக்கல்ல. என்ட பேருக்குக் கீழ ஆலைட பேர் போட்டுத்தான் சுருக்கம் அனுப்பினன். அது தப்பு எண்டு அப்ப தோணல்ல, பெருமையாத்தான் போட்டன்.

ஆலைக்காரன் மகன் (செவ்வாய், இரவு 10.40)

யா அல்லாஹ். எங்கட ஆள் இப்பிடி செஞ்சிருந்தா லீவு இல்ல, நிரந்தர லீவுதான். ஆலைட குறுணல் 12 எண்டு ஊருக்குச் சொன்னா வாங்கிறவன் விலைய இறக்கமாட்டானா?

வாவிக்கரை (செவ்வாய், இரவு 11.15)

மகன் கொஞ்சம் கூட சொல்றார், ஆனா பயம் நியாயம். தரவு ஆலைட சொத்து, உங்கட கையெழுத்தா இருந்தாலும். தம்பி, இத கடிதத்துல எழுத முந்தி நேர்ல போய்ச் சொல்லுங்க, "சேர், நான் ஒரு பிழை விட்டுட்டன்" எண்டு. முழுப் பேப்பர் இன்னும் அச்சுக்குப் போகல்லத்தானே, பேர மாத்தலாம். படங்கள அனுப்ப முந்தி முதலாளிக்குக் காட்டுறன், அவர் வேணாம் எண்டத எடுக்கிறன் எண்டு கடிதத்துல ஒரு வரி வையுங்க. நெல் வாங்கின விலை, வாங்கிற ஆக்கள்ட பேர், ட்ரையர் வித்த கம்பனிட பேர், இது மூணும் அவர் கேக்காமலே எடுத்துருங்க.

படுவான்கரை டீச்சர் (புதன், காலை 7.20)

எனக்கு இதுல வேற எண்ணம். நேர்ல சொன்னா முதலாளி அந்த இடத்துலயே கோவத்துல "போகவேணாம்" எண்டுருவார், பிறகு அவர்ட வார்த்தைய அவரே மாத்தமாட்டார். கடிதத்துலயே எழுதி, ராத்திரி ஒருக்கா யோசிக்க விடணும்.

வாவிக்கரை (புதன், காலை 9.05)

அது முதலாளிட குணத்தப் பொறுத்தது டீச்சர். கடிதத்துல வாசிச்சா "எழுத்துல சாட்சி வெச்சுட்டான்" எண்டு நினைக்கிறவங்களும் இரிக்காங்க. தம்பிதான் அவர்ட முகம் பாத்தவர்.

நெல்லுமணி (சனி, இரவு 9.30)

மன்னிக்கணும், மூணு நாள் வரக்கிடைக்கல. தஞ்சாவூர்ல இருந்து நேத்து பதில் வந்துது, சனி பத்து மணிக்கு வரச் சொல்லி. அமைப்பாளரும் வியாழனுக்கு மாத்தித் தந்துட்டாங்க. மறுபடி எழுதினன், இத பாருங்க:

"மதிப்புக்குரிய ஐயா,

மார்ச் மாதம் ஆலை இயங்கும் நாட்களில் புதன், வியாழன், சனி, ஞாயிறு ஆகிய நான்கு நாட்களுக்கு லீவு கேட்கிறேன். இது அறுவடைக் காலம் என்பதை அறிவேன். இந்நாட்களில் நெல் கொள்வனவின்போது ஈரம் பார்ப்பதை எனது உதவியாளர் செய்வார். கடந்த போகத்தில் எனது மேற்பார்வையில் அதைச் செய்துள்ளார், சம்மதமும் தெரிவித்துள்ளார். ட்ரையரை எந்த ஈரத்தில் நிறுத்துவது, எத்தனை மணி ஓய்வு விடுவது என்பதை ஒரு தாளில் எழுதி ட்ரையருக்கு அருகில் ஒட்டுவேன். தினமும் இரவு 8 மணிக்குத் தொலைபேசியில் அன்றைய பதிவுகளைச் சரிபார்ப்பேன்.

நான் செல்வது நெல் பதப்படுத்தல் பற்றிய மாநாட்டில் எமது ஆலையில் செய்த சோதனை பற்றிய கட்டுரையை வாசிப்பதற்காக. அங்கும், சனிக்கிழமை தஞ்சாவூர் ஆராய்ச்சி நிலையத்திலும் இரண்டு விடயங்களைக் கேட்டு அறிந்து வருவேன். முதலாவது, நெல் ஊறிய தண்ணீரின் நாற்றத்தை எமது அளவிலான ஆலைகள் எவ்வாறு கட்டுப்படுத்துகின்றன, அதற்கு எவ்வளவு இடமும் செலவும் தேவை. இரண்டாவது, மழை நாட்களில் ஓய்வு விட்ட நெல் மஞ்சள் ஏறாமல் எத்தனை மணி வரை இருக்கலாம். திரும்பி வந்து ஒரு வாரத்துக்குள் இரண்டு பக்கத்தில் எழுதித் தந்து, ட்ரையர் பகுதியினருக்கும் சொல்லிக் கொடுப்பேன்.

பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் எனது பொறுப்பு. நான்கு நாட்களில் எத்தனை கடமை லீவாகவும் எத்தனை வருடாந்த லீவாகவும் அமையும் என்பதைத் தங்கள் முடிவுக்கு விடுகிறேன். காட்டவிருக்கும் படங்களைப் பத்து நாட்களுக்கு முன் தங்களிடம் தருவேன், தாங்கள் வேண்டாம் என்பவற்றை நீக்குவேன். தங்கள் ஒப்புதலின் பின்னரே டிக்கட் எடுப்பேன். ஏற்புக் கடிதமும் மதிப்பீட்டாளர் கருத்துகளும் இணைக்கப்பட்டுள்ளன."

அம்மாட விசயத்த எடுத்துட்டன். அம்மா ரெண்டு நாள் கதைக்கல்ல.

வாவிக்கரை (சனி, இரவு 10.12)

நல்லா வந்திரிக்கு. "தீர்வு கொண்டு வருவேன்" எண்டு எழுதாம "கேட்டு அறிந்து வருவேன்" எண்டு எழுதினது எனக்குப் பிடிச்சுது, போய் விடை கிடைக்காட்டி பொய் சொன்னவன் ஆகமாட்டீங்க. ஒண்டு குறையுது, பேர் போட்ட விசயம்.

நெல்லுமணி (சனி, இரவு 10.20)

அது நாளைக்கு நேர்ல அக்கா. கடிதமும் கையில.

ஆலைக்காரன் மகன் (ஞாயிறு, காலை 6.50)

விடிய லொறி இறக்கிற நேரம் போகாதீங்க. அசருக்குப் பிறகு தேத்தண்ணி குடிக்கக்குள்ள போங்க.

நெல்லுமணி (செவ்வாய், இரவு 9.44)

நடந்தத சொல்றன். ஞாயிறு பின்னேரம் போனன். பேர் போட்டத சொன்ன உடன மனுசன் ஒண்டும் பேசல்ல, பேனைய எடுத்து மேசையில தட்டிட்டே இருந்தார். மறுகா "எந்தப் பக்கத்துல?" எண்டார். முதல் பக்கத்துல சேர் எண்டன். "எடு. அம்பாறை மாவட்டத்து ஒரு ஆலை எண்டு போடு, காணும்" எண்டார். அவ்வளவுதான் திட்டு.

கடிதத்துல தண்ணி எண்ட இடத்துல விரல வெச்சு ரெண்டு தரம் வாசிச்சார். "இதுக்கு மிசின் வாங்கச் சொல்லி வராத, இரிக்கிற வளவுக்குள்ள என்ன செய்யலாம் எண்டு கேட்டுட்டு வா" எண்டார். வியாழன் ஒரு நாள் மட்டும் கடமை, மற்ற மூணும் வருடாந்த லீவு. நான் ரெண்டு கிடைக்கும் எண்டு நினைச்சன்.

ஆனா இன்னும் ஒப்பம் வைக்கல்ல. "நாளைக்கு நீ வேலைக்கு வராத, வீட்டுல இரு, அவன் தனியாச் செய்யட்டும், பாப்பம்" எண்டார். நேத்து முழுக்க வீட்டுல ஃபோனப் பாத்துட்டு இருந்தன். இண்டைக்குப் போய்ப் பதிவுப் புத்தகத்த பாத்தா எல்லாம் ஒழுங்கு, லொறி ஏழும் எழுதி இரிக்கு, ட்ரையர் 17 ல நிப்பாட்டி இரிக்கு. பின்னேரம் மூணு மணி ஈரம் மட்டும் வெறுமையா கிடக்கு. தேத்தண்ணிக்குப் போனானாம்.

வாவிக்கரை (செவ்வாய், இரவு 10.03)

முதலாளி பாத்தாரா அத?

நெல்லுமணி (செவ்வாய், இரவு 10.08)

வட்டம் போட்டு வெச்சிரிக்கார். வியாழன் இன்னொரு தரம் என்னை வராதயாம்.

ஒண்டுமில்லாதவன் (செவ்வாய், இரவு 10.30)

அந்த ரெண்டு நாளும் சம்பளத்துல வெட்டுவாங்களா?